குறையாத 850

மூன்று நாள் உள்தணிக்கை இன்றோடு முடிகிறது. நிறைவுக் கூட்டத்தில் குறைகளைச் சொல்வதுதான் வழக்கம். வெப்பப் பதப்படுத்தும் பிரிவின் பதிவேட்டை மட்டும் பாராட்டாமல் என்னால் போக முடியவில்லை.

என்ன ஒரு பதிவேடு! அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. மணிக்கு ஒருமுறை பார்த்து எழுத வேண்டிய உலை வெப்பநிலை மாதம் முழுக்க 850 டிகிரி. 12-ஆம் தேதி காலை 11 முதல் பிற்பகல் 2 வரை உலையை அணைத்துத் தெர்மோகப்பிள் மாற்றியதாகப் பராமரிப்புத் துறை எழுதியிருக்கிறது. அந்த நேரத்துக் கட்டங்களிலும் 850தான். அணைத்த பின்னும் ஆறாத உலை நம்மிடம் இருப்பது பெருமை. நேற்று நான் அங்கே நின்றபோது மணி 2.40. மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் உரிய வெப்பநிலையை எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். வேலை தேங்கவே தேங்காத பிரிவு!

தர உறுதித் துறையின் உறுதியும் பாராட்டத்தக்கது. போன தணிக்கையிலும் இதே குறைதான். "ஆபரேட்டருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது" என்று பதில் தந்து அன்றே மூடிவிட்டார்கள். பயிற்சி பெற்ற அந்தத் தம்பியோடு அரை மணி நேரம் நின்றேன். மணி அடிக்கும் நேரத்தில் அவர் செந்தணலாய் இருக்கும் தண்டுகளை எண்ணெய்த் தொட்டியில் இறக்கிக்கொண்டிருக்கிறார். வெப்பநிலை காட்டும் பலகையோ உலையின் மறுகோடியில். ஒரே ஆளை இரண்டு இடத்தில் நிற்கச் சொன்ன நம் திட்டமிடலுக்கு எந்தப் பயிற்சியும் ஈடாகாது.

என்னை உறங்கவிடாதது வேறு. 12-ஆம் தேதி காலை 10.30-க்கு உலையில் வைத்த லாட்டில் 120 தண்டுகள். சூடு போதாத தண்டு கண்ணுக்கு நல்ல தண்டு போலவே இருக்கும். கடினத்தன்மை இல்லாததால் ஓடும் இடத்தில் சீக்கிரம் தேயும். 80 ஸ்டோரில் இருக்கின்றன. 40 வாடிக்கையாளரிடம் போய்விட்டன, "850" என்ற சான்றோடு.

ஆகவே தேதிகளைப் பேசி முடிப்போம். ஸ்டோர் சார், அந்த 80-க்கும் இன்று மாலைக்குள் சிவப்பு அட்டை. தரத் துறை நாளை மாலைக்குள் ராக்வெல் சோதனை செய்ய வேண்டும். முடிவு எதுவானாலும், போன 40 பற்றி வாடிக்கையாளருக்கு நாளையே கடிதம். உற்பத்தித் துறை மூலகாரணத்தை 15 நாளில் தர வேண்டும். "பயிற்சி" என்ற பதிலை ஏற்கமாட்டேன். தானாகப் பதியும் கருவிக்குப் பராமரிப்பு சார் 45 நாள் கேட்கிறார், சரி. அதுவரை வெப்பநிலை எழுத ஷிஃப்டுக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்றேன். உற்பத்தி சார் நாளை முதல் தருகிறேன் என்கிறார், எழுதிக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து, சொல்லாமல், பிற்பகல் 2.40-க்கு அங்கே வருவேன். மூன்று மணிக் கட்டம் காலியாக இருந்தால், அன்றைக்கு இந்தக் குறையை மூடுகிறேன்.