ஒரு பல்பு போனால் ஊரே இருட்டா? சீரியல் செட் கேள்வி-பதில்

ஆயுத பூஜைக்கு மிஷினுக்குப் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, சீரியல் செட் சுற்றிவிடாத பட்டறை ஓசூர் சிப்காட்டில் அபூர்வம். பரணிலிருந்து இறக்கிய பழைய செட்டு பாதிப் பேரிடம் எரிவதில்லை. இந்த வாரக் கேள்விகள் எல்லாமே அதைச் சுற்றித்தான்.

வாசகர், சூளகிரி: நாற்பது பல்பில் ஒன்றுதான் பீஸ் போனது. மீதி முப்பத்தொன்பதும் ஏன் அணைய வேண்டும்?

அந்த முப்பத்தொன்பதும் நன்றாகத்தான் இருக்கின்றன. அவற்றுக்கு மின்சாரம் வரவில்லை, அவ்வளவுதான். பழைய அரிசி பல்பு செட்டில் பேஸிலிருந்து கிளம்பும் மின்சாரம் முதல் பல்பின் இழைக்குள் நுழைந்து வெளியே வந்து, இரண்டாவதற்குள் போய், இப்படியே நாற்பதையும் கடந்துதான் நியூட்ரலைத் தொடுகிறது. இதுதான் தொடரிணைப்பு. ஒவ்வொரு பல்பின் இழையும் அந்தப் பாதையின் ஒரு துண்டு. ஓர் இழை அறுந்தால் பாதை அறுந்தது. அறுந்த இடத்துக்கு முன்னால் இருப்பவையும் சேர்ந்தே அணைவதற்குக் காரணம் இதுதான்: சுற்று முடியாத கம்பியில் மின்னோட்டம் எந்த இடத்திலும் ஓடாது.

வாசகி, தேன்கனிக்கோட்டை: வீட்டில் டியூப்லைட் போனாலும் பேன் சுற்றுகிறதே?

வீட்டு ஒயரிங் பக்க இணைப்பு. ஒவ்வொரு விளக்குக்கும் பேஸிலிருந்து தனி வழி, நியூட்ரலுக்குத் தனி வழி. டியூப்லைட்டின் வழி அறுந்தால் அது மட்டும் இருட்டும். பேனின் வழியை அது தொடுவதே இல்லை. இன்னொரு வித்தியாசமும் உண்டு. பக்க இணைப்பில் எல்லாவற்றுக்கும் முழு 230 வோல்ட் கிடைக்கும். மின்னோட்டம்தான் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. தொடரிணைப்பில் இது அப்படியே தலைகீழ். மின்னோட்டம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. வோல்ட் பங்கு பிரிகிறது. நாற்பது பல்புக்கு 230 வோல்ட் என்றால் ஆளுக்கு 5.75 வோல்ட். அதனால்தான் அந்தக் குட்டி பல்பு 6 வோல்ட் பல்பாக இருக்கிறது.

பள்ளி மாணவர், பர்கூர்: முதல் பல்பு மின்சாரத்தைக் குடித்துவிட்டால் கடைசி பல்பு மங்கலாகத்தானே எரிய வேண்டும்?

குடிக்காது தம்பி. நுழைந்த மின்னோட்டம் அப்படியே வெளியே வரும். பல்பு எடுத்துக்கொள்வது ஆற்றலை. அதுவும் எல்லாப் பல்பும் சம அளவில். நாற்பதும் ஒரே வகை என்றால் முதலும் கடைசியும் ஒரே வெளிச்சம்தான். ஏதாவது ஒன்று மட்டும் மங்கினால், அது வேறு வகை பல்பு என்று கண்டுகொள்ளுங்கள்.

வாசகர், ஓசூர் பாகலூர் சாலை: இவ்வளவு தொல்லை என்று தெரிந்தும் ஏன் தொடரிணைப்பில் செய்தார்கள்?

செம்பு மிச்சம், அதனால் விலை மலிவு. கணக்கைப் பாருங்கள். செட்டில் ஓடும் மின்னோட்டம் 0.1 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட், 0.1 ஆம்பியர், மொத்தம் 23 வாட். 0.1 ஆம்பியருக்கு நூல் போன்ற ஒயரே போதும்.

இதே நாற்பது பல்பையும் பக்க இணைப்பில் போட்டால் ஒவ்வொன்றுக்கும் 6 வோல்ட் தர ஒரு டிரான்ஸ்பார்மர் வேண்டும். மின்னோட்டமோ நாற்பது மடங்கு, அதாவது 4 ஆம்பியர். வெளிச்சம் அதே அளவுதான், ஆனால் தடித்த ஒயர் வேண்டும். மெல்லிய ஒயரில் விட்டால் அது சூடேறும்; இருக்கிற 6 வோல்ட்டில் பாதி வழியிலேயே கரைந்து கடைசிப் பல்புகள் மங்கும்.

நேரடியாக 230 வோல்ட்டில் எரியும் அரிசி பல்பு செய்யலாமே என்றால், அரை வாட்டுக்கு அந்த இழையின் தடை 90,000 ஓமைத் தாண்ட வேண்டும். அவ்வளவு மெல்லிய, அவ்வளவு நீளமான இழையை அரிசி அளவு கண்ணாடிக்குள் அடைக்க முடியாது. ஆகவே தொடரிணைப்பு தவறிப்போய் வந்ததல்ல. டிரான்ஸ்பார்மரும் தடித்த செம்பும் வேண்டாம் என்றால், ஒன்று போனால் எல்லாம் போகும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்தப் பேரத்தைத்தான் செய்தார்கள்.

வாசகி, காவேரிப்பட்டினம்: எங்கள் பழைய செட்டில் கன்ட்ரோலர் டப்பாவே கிடையாது. ஆனாலும் மொத்தமும் அணைந்து அணைந்து எரியும். எப்படி?

அதில் ஒரு பல்பு மட்டும் தனி ரகம். அதற்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு சிறு தகடு இருக்கும். எரியும் சூட்டில் தகடு வளைந்து தொடர்பை விடும்; உடனே நாற்பதும் அணையும். ஆறியதும் நிமிர்ந்து தொடும், நாற்பதும் எரியும். ஒரு பல்பு செத்தால் எல்லாம் இருட்டும் என்ற அதே விதியைத்தான் இங்கே அலங்காரத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்தப் பல்பைக் கழற்றி வேறு இடத்தில் செருகினாலும் செட்டு அதேபோல் மினுக்கும்.

எலக்ட்ரீஷியன் பயிற்சி மாணவர், கிருஷ்ணகிரி: செத்த பல்பை ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் பார்க்க வேண்டுமா?

வேண்டாம். பிளக்கை முதலில் கழற்றுங்கள். இது சம்பிரதாயத்துக்குச் சொல்வதல்ல. மின்னோட்டம் நின்றுவிட்டதால் நல்ல பல்புகள் எதுவும் தன் பங்கு வோல்ட்டை எடுப்பதில்லை. முழு 230 வோல்ட்டும் அந்த ஒரே அறுந்த இடத்தில் வந்து நிற்கிறது. ஆறு வோல்ட் பல்புதானே என்று காலி ஹோல்டரில் விரல் வைத்தால் அடிப்பது 230.

இனி மல்டிமீட்டரை 2000 ஓம் அளவில் வையுங்கள். ஒரு முனை பிளக்கின் ஒரு பின்னில். மறுமுனை அந்தப் பின்னிலிருந்து கணக்கிட்டு இருபதாவது பல்பின் கம்பிக்காலில். சுமார் 100 ஓம் காட்டினால் முதல் இருபதும் நல்லவை. கோளாறு அடுத்த பாதியில். ஒன்றும் காட்டாவிட்டால் கோளாறு முதல் பாதியிலேயே. அந்தப் பாதியை மீண்டும் பாதியாக்குங்கள்: பத்து, ஐந்து, இரண்டு மூன்று. அதிகபட்சம் ஆறு சோதனையில் ஆள் பிடிபடும்.

பலர் பீப் சத்தம் கேட்கும் நிலையில் வைத்து ஏமாறுகிறார்கள். குளிர்ந்த இழைக்கு ஐந்தாறு ஓம் தடை இருக்கும். இருபது பல்பு சேர்ந்தால் நூறைத் தாண்டும். பெரும்பாலான மீட்டர்களில் பீப் ஒலிக்காது. நல்ல பாதியையும் செத்தது என்று நினைத்துவிடுவீர்கள். எல்.இ.டி. செட்டுக்கு இந்த ஓம் சோதனை பொருந்தாது. அதை டயோடு நிலையில் ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

வாசகர், இராயக்கோட்டை: செத்த பல்பை எடுத்துவிட்டு இரண்டு ஒயரையும் முறுக்கிவிட்டேன். எரிகிறது. போதும்தானே?

இன்றைக்குப் போதும். ஆனால் 230 வோல்ட்டை இனி முப்பத்தொன்பது பேர் பங்கிடுகிறார்கள்; ஆளுக்கு 5.9. இரண்டாவதையும் முறுக்கினால் 6.05. இது ஆரம்பத்தைவிட ஐந்து சதவீதம்தான் கூடுதல். ஆனால் இழை பல்புக்கு ஐந்து சதவீத வோல்ட் ஏறினாலே ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். ஐந்து பல்பை முறுக்கிவிட்டால் ஆளுக்கு 6.57, ஆயுள் ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கும். ஒவ்வொரு சாவும் அடுத்த சாவைச் சீக்கிரம் கூட்டி வருகிறது. செட்டு வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிந்தால் சந்தோஷப்படாதீர்கள், அதுதான் அறிகுறி. அதே வோல்ட், அதே மின்னோட்ட பல்பை வாங்கிச் செருகுவதே சரி. தடை கூடுதலான பல்பைப் போட்டால் அது தன் பங்குக்கு மேல் வோல்ட்டை இழுத்துக் கருகும்.

அமெரிக்கக் கிறிஸ்துமஸ் விளக்குகளில், நீங்கள் ஒயரை முறுக்கிச் செய்ததையே பல்புக்குள் செய்து வைத்திருக்கிறார்கள். அங்கே 120 வோல்ட்டுக்கு, 2.5 வோல்ட் பல்புகள் ஐம்பது. இழையின் அடியில் ஆக்சைடு பூசிய ஒரு மெல்லிய கம்பி சும்மா சுற்றியிருக்கும். இழை அறுந்ததும் முழு 120 வோல்ட்டும் அங்கே வந்து நிற்கிறது அல்லவா? அந்த வோல்ட் பூச்சை உடைக்கும். கம்பி பாதையை இணைக்கும். மற்றவை தொடர்ந்து எரியும். ஆனால் பங்குக் கணக்கு அங்கேயும் அதேதான். செத்ததை மாற்றாமல் விட்டால் மீதியும் வேகமாகப் போகும்.

வாசகி, மத்திகிரி: புது எல்.இ.டி. செட்டில் நடுவே ஒரு பகுதி மட்டும் இருட்டு. ஏன்?

உங்கள் செட்டு இரண்டு முறையும் கலந்தது. ஒரு கூட்டம் எல்.இ.டி. தொடராக ஒரு கிளை. அப்படிப்பட்ட கிளைகள் தங்களுக்குள் பக்க இணைப்பில். ஒன்று போனால் அதன் கிளை மட்டும் அணையும். பெரும்பாலும் சாவது எல்.இ.டி. அல்ல, மழையில் நனைந்து துருப்பிடித்த அதன் கால்.

அடாப்டரில் எரியும் மெல்லிய செம்புக் கம்பிச் சரம் முழுக்கவே பக்க இணைப்பு. அதில் ஒன்று போனால் ஒன்றுதான் போகும். எல்.இ.டி.க்குச் சில மில்லி ஆம்பியரே போதும் என்பதால், இழை பல்பு கேட்ட தடித்த ஒயர் இங்கே தேவைப்படவில்லை. கடைசி விளக்குகள் சற்று மங்கினால், கம்பியின் நீளத்தில் வோல்ட் கரைகிறது என்று பொருள்.

மெஷின் ஆபரேட்டர், ஓசூர் சிப்காட்: அப்படியானால் தொடரிணைப்பே உதவாததா?

உங்கள் உயிரைக் காப்பதே அதுதான். உங்கள் மெஷினில் சிவப்பு எமர்ஜென்சி பட்டன் இரண்டு மூன்று இடத்தில் இருக்கும். கதவில் ஒரு சுவிட்ச் இருக்கும். இவை எல்லாம் சாதாரண நிலையில் மூடிய தொடர்புகளாக ஒரே சங்கிலியில் தொடராக வருகின்றன. எதை அழுத்தினாலும், எந்தக் கதவைத் திறந்தாலும் பாதை அறுந்து மெஷின் நிற்கும். ஒயரை எலி கடித்தாலும் நிற்கும். இதையே பக்க இணைப்பில் போட்டிருந்தால் எல்லாப் பட்டனையும் சேர்த்து அழுத்தினால்தான் நிற்கும்! பூஜை விளக்கில் நாம் திட்டுகிற அதே குணம், கை மாட்டப்போகிற நொடியில் நமக்கு வேண்டியதாக இருக்கிறது.

காரணம் தெரியாமல் மெஷின் நின்றால், கன்ட்ரோல் பேனலைத் திறக்க உரிமையுள்ள எலக்ட்ரீஷியனை அழையுங்கள். அவரும் நாற்பது பல்பில் செய்த அதே பாதிப் பாதிச் சோதனையைத்தான் செய்வார். உற்பத்தி நிற்கிறதே என்று கதவு சுவிட்சுக்குக் குறுக்கே ஜம்பர் ஒயர் போட்டு ஓட்டுவதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். பல்பை முறுக்கிவிட்டால் போவது இன்னொரு பல்பு. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை முறுக்கிவிட்டால் போவது விரல்.