தனி அடுப்பும் பொது ரசப்பொடியும்

திருமணமான ஓராண்டுக்குள் பெற்றோர் வீட்டைவிட்டுக் கிளம்பி, அதே ஊரின் மறுகோடியில் வாடகைக்குக் குடியேறி, “பிரிஞ்சு எல்லாம் வரலை, சும்மா தனியா இருக்கோம்” என்று கேட்பவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் புதுத் தனிக்குடித்தனத்தார். பெங்களூருக்கோ டல்லாஸுக்கோ போன தம்பதி இந்த வகையில் சேராது. அவர்களை வேலை அழைத்துக்கொண்டு போனது. விமான நிலையத்தில் அம்மா விடுகிற கண்ணீரில் பாதி பெருமை. கடல் தாண்டிப் போனால் முன்னேற்றம் என்றும், இருபது கிலோமீட்டர் தள்ளிப் போனால் மனஸ்தாபம் என்றும் உறவினர்கள் வைத்திருக்கும் அளவுகோலில், இந்தத் தம்பதி மாட்டிக்கொள்வது இரண்டாவது பக்கத்தில்.

இந்த வகையைப் புரிந்துகொள்ளச் சென்னையில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வது வசதி. பெற்றோருக்கு நங்கநல்லூரில் சொந்த வீடு. மகனுக்குச் சிறுசேரி சிப்காட்டில் வேலை. மருமகளின் அலுவலகம் சோழிங்கநல்லூரில். திருமணமான ஐந்தாவது மாதம் நாவலூரில் இரண்டு படுக்கையறை வீடு பார்த்தாகிவிட்டது. காரணம் கேட்டால் “ஆபீஸ் தூரம்” என்பார்கள். இதே தூரத்தைத்தான் அந்தப் பையன் கல்யாணத்துக்கு முன் நான்கு வருடம், பைக்கில், பாட்டுக் கேட்டுக்கொண்டே, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் போய்வந்தான். தாலி கட்டிய பிறகு சாலை நீண்டுவிட்டது. அப்பாவுக்கு இது புரியாமல் இல்லை. இருந்தாலும் சொன்ன காரணத்துக்குத்தானே பதில் சொல்ல முடியும்? “ரெண்டாம் கட்ட மெட்ரோ மாதவரத்திலேருந்து சிறுசேரி வரைக்கும் வருதாம்பா, அதுவரைக்கும் பொறுத்துக்கக் கூடாதா?” என்கிறார்.

சொல்லாத காரணங்கள் எல்லாம் சின்னச் சின்னவை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அடிக்கும் குக்கர் விசில். கூடத்தில் மாமனார் பேப்பர் படித்துக்கொண்டிருப்பதால் நைட்டியின் மேல் துப்பட்டா போட்டுக்கொண்டுதான் காபிக்கு வரவேண்டிய நிலை. “ராத்திரி முழுக்க ஏ.சி. ஓடுச்சு போல” என்று யாரையும் பார்க்காமல் சொல்லப்படும் தகவல். இவற்றில் எதையும் குற்றச்சாட்டாக எழுதிக் கொடுக்க முடியாது. எழுதிக் கொடுத்தால் எழுதியவர்தான் அற்பமாகத் தெரிவார். அதனால்தான் ஆபீஸ் தூரம்.

அடுத்த கட்டம், முடிவை யார் சொல்வது என்பது. தனிக்குடித்தனக் கணவன் எந்த வாக்கியத்தையும் “நான்” என்று தொடங்கமாட்டான். அம்மாவிடம், “அவளுக்குத்தான்மா டிராவல் ஒத்துக்கலை” என்பான். மனைவியிடம், “அம்மாவே போயிட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க” என்பான். மாமனாரிடம், “வீட்டுல எல்லாரும் சேர்ந்து பேசி முடிவெடுத்தோம்” என்பான். மூன்றும் அந்தந்த இடத்தில் நன்றாகவே வேலை செய்யும். ஒரு வளைகாப்பில் மூவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரும்போதுதான் சிக்கல். அதற்குள் பெரியம்மாக்களின் தீர்ப்பும் வந்திருக்கும்: “அஞ்சு மாசம்கூட ஆகலை, பையனைக் கிளப்பிக்கிட்டுப் போயிட்டா.” சித்தப்பா ஒருவர் சட்டமே பேசுவார். 2016-இல் நரேந்திரா – கே. மீனா வழக்கில் உச்ச நீதிமன்றம், தக்க காரணமில்லாமல் கணவனைப் பெற்றோரிடமிருந்து பிரிக்க மனைவி விடாமல் வற்புறுத்துவது கொடுமையாகும் என்று சொல்லி விவாகரத்து வழங்கியது உண்மைதான். ஆனால் அந்தத் தீர்ப்பு, தானே வீடு பார்த்து, தானே அட்வான்ஸும் கொடுத்துவிட்டுப் பழியை மட்டும் மனைவி பெயருக்கு எழுதிவைக்கும் கணவனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

குடியேறும் நாள் ஆடியிலும் மார்கழியிலும் வராது. வருகிற நாளில் பால் காய்ச்சப் போவது யார் என்று பார்த்தால், போகவே வேண்டாம் என்று சொன்ன அதே அம்மாதான். உப்பு, மஞ்சள், அரிசி, துவரம்பருப்பு, நிறைகுடம், குத்துவிளக்கு எல்லாம் அவர் கையாலேயே உள்ளே போகும். அடுப்பு கிழக்குப் பார்த்து இருக்கிறதா என்று பார்ப்பார். குழாயைத் திறந்து, “உப்புத் தண்ணியா இருக்கே” என்பார். இதைக் குறை என்று நினைக்கும் மருமகள் அனுபவமில்லாதவள். அது விடைபெறும் முறை.

வீடு பிரிவது எளிது, அடுப்பு பிரிவதுதான் கடினம் என்பது இதன் பிறகே தெரியவரும். அரசாங்கமும் குடும்பத்தை அடுப்பை வைத்துத்தான் அளக்கிறது. சமையல் எரிவாயுவுக்கான 2000-ஆம் ஆண்டு ஆணை ஒரு குடும்பத்தை வரையறுக்கும்போது, சேர்ந்து வாழ்வதோடு சமையலறையும் பொதுவாக இருக்கவேண்டும் என்கிறது. ரேஷன் கார்டும் அப்படித்தான்: தனிச் சமையல் இருந்தால்தான் தனிக் கார்டு, அதற்கு முதலில் பெற்றோர் கார்டிலிருந்து பெயரை நீக்கவேண்டும். மகன் இந்தச் செய்தியைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிப் பார்த்தான். ஓய்வுபெற்ற அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படிவத்தில் இருந்த “பெயர் நீக்கம்” என்ற இரண்டு சொல்லையும் சத்தமாக ஒரு தடவை படித்தார். வேறொன்றும் சொல்லவில்லை. விண்ணப்பம் அப்படியே நின்றுவிட்டது. மகன் நாவலூரில் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டுவிட்டான். அவன் பங்கு அரைக் கிலோ சர்க்கரை மாதாமாதம் நங்கநல்லூருக்கு வந்துகொண்டிருக்கிறது. அரசுப் பதிவேட்டைப் பொறுத்தவரை அந்தக் குடும்பம் இன்னும் உடையவில்லை.

அடுப்பு உண்மையில் பிரியாததற்கு வேறொரு சான்று தூக்குவாளி. ஞாயிறு மாலை நங்கநல்லூரிலிருந்து திரும்பும்போது ரசப்பொடி, வத்தக்குழம்பு, இட்லி மாவு மூன்றும் காரில் ஏறும். சித்திரை வெயிலில் மாவு கீழ்க்கட்டளையில் பொங்க ஆரம்பித்து மேடவாக்கம் சந்திப்பில் மூடியைத் தள்ளும். வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, காலி டப்பாவைக் காலியாகத் திருப்பித் தரவும் கூடாது. அதனால் மருமகள் அதில் எதையாவது போட்டு அனுப்பவேண்டும். அவள் செய்த மைசூர்பாகு போகும். “நல்லா இருந்தது, கொஞ்சம் கெட்டியா இருந்ததுன்னு அப்பா சொன்னார்” என்று செய்தி திரும்பும். மூன்று மாதத்தில் எந்த டப்பா யாருடையது என்பது குழம்பி, “என்னோட மூணடுக்கு கேரியர் அங்கதான் இருக்கு” என்ற வாக்கியம் பிறக்கும். அது கேரியரைப் பற்றிய வாக்கியம் அல்ல என்பது இருவருக்குமே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமையின் பங்கீடு தனிக் கலை. மருமகளின் பெற்றோர் வில்லிவாக்கத்தில். ஒரு வாரம் நங்கநல்லூர், ஒரு வாரம் வில்லிவாக்கம் என்று வைத்தால் கணக்குச் சரியாக வரவேண்டும். வராது. நங்கநல்லூருக்குக் காலை பத்து மணிக்குப் போய் இரவு சாப்பிட்டுத் திரும்பினார்கள், வில்லிவாக்கத்துக்கு மதியச் சாப்பாட்டுக்கு வந்து நாலரைக்குக் கிளம்பிவிட்டார்கள் என்று மணிக்கணக்கும் சேர்ந்துகொள்ளும். தலை தீபாவளி பெண் வீட்டில் என்பது ஊரறிந்த வழக்கம்; அதில் சண்டையில்லை. பொங்கல் யாருடையது என்று எந்த வழக்கமும் சொல்லாததால் தை பிறக்கும்போதே வழக்கும் பிறக்கும். தம்பதிக்கென்று மிஞ்சுவது ஐந்து ஞாயிறு வருகிற மாதத்தில் அந்த ஐந்தாவது ஞாயிறு மட்டும். அன்று துணி துவைப்பார்கள்.

குற்ற உணர்ச்சி எப்போது ஏறுகிறது என்று கண்டுபிடிக்க மனோதத்துவம் தேவையில்லை. பெற்றோர் வீட்டில் புதிதாக வந்திறங்கும் பொருள்களைப் பார்த்தால் போதும். இருவரும் பாண்டிச்சேரிக்குப் போய்வந்த வாரம் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி வந்தது. அம்மாவின் பிறந்தநாளன்று அலுவலகத்தில் மாட்டிக்கொண்டதற்கு ஈடாகத் தண்ணீர் சுத்திகரிப்பான் வந்தது. இரண்டு ஞாயிறு தொடர்ந்து தவறியபோது சாய்வு நாற்காலி வந்தது. அது இன்னும் பிளாஸ்டிக் உறையோடு இருக்கிறது, அப்பா பழைய மூங்கில் நாற்காலியில்தான் உட்காருகிறார். “எதுக்குப்பா வீண் செலவு” என்று அவர் சொல்வது விலையைப் பற்றி மட்டும் அல்ல. பெற்றோர் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், தீர்ப்பாயம் மாதம் பத்தாயிரம் ரூபாய்க்கு மேற்படாமல் பிள்ளைகளைக் கொடுக்கச் சொல்லலாம் என்கிறது. ஒரு ஞாயிறு வராததற்கு எவ்வளவு என்று அதில் பட்டியல் இல்லை.

பெற்றோர் தரப்பிலும் ஓர் ஆயுதம் உண்டு: சொல்லாமல் இருப்பது. அப்பாவுக்கு மூன்று நாள் காய்ச்சல். தினமும் போனில், “சாப்பிட்டியா? என்ன சமையல்?” என்று மட்டும் கேட்ட அம்மா அதைச் சொல்லவில்லை. மறுமுனையில் ஆர்டர் செய்து வரவழைத்த பிரியாணியைத் தயிர்சாதம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதால் தகவல் மறைப்பு இரு பக்கமும் சமமாகவே நடந்தது. நான்காம் நாள் எதிர்வீட்டு மாமி மூலம் விஷயம் தெரிந்து மகன் ஓடிவந்தான். “உனக்கு வேலை இருக்கும், எதுக்குத் தொந்தரவுன்னுதான் சொல்லலை” என்றார் அம்மா. திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். இந்த ஒரு வாக்கியத்துக்கு அந்த மாதம் காற்றுப் பதனி ஒன்று வாங்கவேண்டி வந்தது.

இந்தச் சிக்கல் எல்லாக் குடும்பத்துக்கும் விதி என்று நினைக்கவேண்டியதில்லை. செட்டிநாட்டு நகரத்தார் குடும்பங்களில் மகனைத் திருமணத்துக்குப் பின் “வேறு வைப்பது” ஒரு முறையாகவே இருந்தது. ஒரே வீட்டுக்குள் மருமகளுக்குத் தனி அடுப்பு, தனிச் செலவு. ஆண்டுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசிப் பெரியவர்களே கொடுத்துவிடுவார்கள். பிரித்தவள் என்ற பெயர் மருமகளுக்கு வராது, ஏனென்றால் பிரித்துவைப்பது மாமியார் வீட்டின் கடமை. 1986-இல் வந்த விசுவின் “சம்சாரம் அது மின்சாரம்” படத்திலும் சண்டையெல்லாம் தீர்ந்த பிறகு, சேர்ந்திருக்கலாம் என்ற நிலையில்தான் மூத்த மருமகள் தனியே போவோம், விசேஷ நாட்களில் கூடுவோம் என்கிறாள். சண்டையில்லாதபோது பிரிந்தால் திரும்பி வரும் வாசல் திறந்திருக்கும் என்று கணக்குப் போடத் தெரிந்தவள் அவள்.

நங்கநல்லூர்க் குடும்பத்தில் இல்லாமல் போனது அந்தப் பேச்சுதான். எந்த ஞாயிறு யாருக்கு, மாதம் எவ்வளவு பணம், காய்ச்சல் வந்தால் யாருக்கு முதல் போன் என்ற மூன்றையும் பால் காய்ச்சுவதற்கு முன்பே பேசி முடித்திருந்தால் சாய்வு நாற்காலியும் காற்றுப் பதனியும் கடையிலேயே இருந்திருக்கும். நான்காவதாக ஒன்றும் உண்டு. “நான்தான்மா தனியா போகணும்னு முடிவு பண்ணினேன்” என்று மகன் தன் வாயால் ஒருமுறை சொல்லவேண்டும். அம்மா இரண்டு நாள் பேசாமல் இருப்பார். மூன்றாம் நாள் ரசப்பொடி தீர்ந்துவிட்டதா என்று கேட்க மருமகளுக்கே போன் செய்வார்.