முறுகல் தோசையின் உரிமை யாருக்கு: பாகாயத்திலிருந்து ஓர் ஆய்வு

ஒன்றேகால் வயது வித்தியாசமுள்ள இரண்டு பிள்ளைகளும் ஒரே ஒரு தோசைக்கல்லும் ஒரு வீட்டில் இருந்தால், கல்லிலிருந்து எடுக்கும் முதல் முறுகல் யாருடையது? தொல்காப்பியர் தொடாத இவ்வினாவை, 1987இல் வெளிவந்த ‘சிப்ளிங்ஸ் விதவுட் ரைவல்ரி’ என்ற நூலின் துணையோடு பாகாயத்து வீடொன்றில் ஆராய்ந்தோம். எழுதியவர்கள் அடெல் ஃபேபர், இலேன் மாஸ்லிஷ் என்ற இரு அமெரிக்கத் தாய்மார்கள்.

நூல் பெரியவர்களிடம்தான் தொடங்குகிறது. உங்கள் கணவர் இன்னொரு மனைவியைக் கூட்டிவந்து, ‘உன்மேல் அவ்வளவு பாசம், அதனால்தான் உன்னைப்போலவே இன்னொருத்தி’ என்று சொன்னால் எப்படி இருக்கும்? மூத்தவனுக்குத் தம்பி பிறந்த அன்று அப்படித்தான் இருந்ததாம். இதைப் படித்துக் காட்டியதும் வீட்டம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கணவரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை ஆய்வின் எல்லைக்கு வெளியே உள்ளது.

அளந்து சமமாகக் கொடுக்காதே, தேவையைக் கேட்டுக் கொடு என்பது நூல் தரும் ஒரு மருந்து. ‘அவனுக்கு மூணு, எனக்கு ரெண்டா?’ என்று தம்பி கேட்டால் தோசையை எண்ணக் கூடாது. ‘இன்னும் பசிக்குதா? பாதியா, முழுசா?’ என்று கேட்க வேண்டும். கேட்டார்கள். அவனுக்குப் பசி இல்லை; அண்ணன் தட்டில் இருப்பதுதான் வேண்டும்.

இங்கேதான் நூலின் சண்டை அத்தியாயம் உதவுகிறது. வெறும் சிணுங்கலானால் காதில் போட்டுக்கொள்ளாதே. சூடேறினால் இருவர் கோபத்தையும் சொல்லிக் காட்டு: ‘உனக்கு முதல்ல வேணும், அவனுக்கும் முதல்ல வேணும், தோசை ஒண்ணுதான். கஷ்டமான விஷயம், ஆனா ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடிப்பீங்க.’ பிறகு அறையை விட்டுப் போய்விடு. ‘யார் ஆரம்பிச்சது?’ என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்ட கணமே வீடு சத்துவாச்சாரி கோர்ட்டாகிவிடும், இரு தரப்புக்கும் சாட்சி சிக்காது.

விட்டுப் போக இன்னோர் அறை வேண்டுமே! ஒற்றை அறை வீட்டில் அம்மா வாசல்வரைதான் போக முடிந்தது. அதற்குள் ஆயா, ‘சின்னவன்தானே, குடுத்துடேன்டா’ என்று தீர்ப்பு வழங்கிவிட்டார். அடுத்த நொடி கிண்ணத்துச் சட்னி சுவரில். ஆயாவையும் வாசலுக்கு அழைத்துப்போன மறுநாள், பிள்ளைகளே ஓர் ஒப்பந்தம் போட்டார்கள்: ஒருவன் பிய்ப்பான், மற்றவன் முதலில் எடுப்பான். பிய்ப்பவன் நேர்கோட்டில் பிய்த்த அழகை எந்தக் கணக்கு வாத்தியாரும் கண்டதில்லை.

கைகலப்பானால் ‘இது விளையாட்டா, நிஜமா?’ என்று கேட்கச் சொல்கிறது நூல். இருவரும் சிரித்தால் விளையாட்டு. ஒருவன் மட்டும் சிரித்தால் அல்ல. அடிபடும் நிலை என்றால் பேச்சே வேண்டாம், பிரித்து வேறு வேறு இடத்தில் உட்கார வை.

தினமும் ஒருவனே அடி வாங்கி, மற்றவனைக் கண்டாலே ஒதுங்குகிறான் என்றால் நூலை மூடிவிடுங்கள். அது இரண்டு பேர் போடும் சண்டை அல்ல. குழந்தைகளுக்கான பிரிவும் உள்ள சி.எம்.சி. மனநல மையம் பாகாயத்திலேயே இருக்கிறது.