ஒரிஜினல் லெதர், நேரில் பேசலாம்

"சோபா ஃபார் சேல். ஒரிஜினல் லெதர். குட் கண்டிஷன். அர்ஜென்ட். சீரியஸ் பையர்ஸ் ஒன்லி."

விளம்பரம் மொத்தமே இவ்வளவுதான். கூடவே ஒரே ஒரு படம். அதில் பாதியை ஒரு டர்க்கி டவல் மறைத்திருந்தது. மீதிப் பாதியில் யாரோ ஒரு தாத்தாவின் முழங்கால்கள். இதை நம்பி, போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட பிரியாணி செரிப்பதற்குள், குட்டி யானை வண்டிக்கு வாடகை பேசி, ஆம்பூர் தாண்டிப் போய் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை. சோபா ஏறாவிட்டால் வாடகையில் பாதி என்பது வண்டிக்காரர்கள் யாரும் கேள்விப்படாத கொள்கை.

நாம் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறோம் என்பது எனக்கும் தெரியும். கட்டில் ஆடினாலும் குட் கண்டிஷன், பீரோ கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தாலும் குட் கண்டிஷன். விற்கக் காரணம் கேட்டால் எல்லோருக்கும் ட்ரான்ஸ்ஃபர். விளம்பரங்களை நம்பினால் வேலூர் முதல் திருப்பத்தூர் வரை ஒருத்தரும் சொந்த ஊரில் இல்லை. ஜார்ஜ் அகெர்லாஃப் என்கிற பொருளாதாரக்காரர் 1970இல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நல்ல வண்டி எது, ஓட்டை வண்டி எது என்று வாங்குகிறவனுக்குத் தெரியாவிட்டால் அவன் எல்லாவற்றுக்கும் நடுத்தர விலைதான் கேட்பான். கட்டுப்படியாகாமல் நல்ல வண்டிக்காரன் விலகிவிடுவான். சந்தையில் ஓட்டைகளே மிஞ்சும் என்றார். 2001இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. எனக்கு வண்டி வாடகைதான் கிடைத்தது, அதுவும் கொடுக்கவேண்டிய வகையில்.

பார்க்கிறவர் நம்புகிற மாதிரி ஒரு விளம்பரம் எழுத ஒரே ஒரு விதிதான் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் அந்த "ஒரிஜினல் லெதர்" பற்றி இரண்டு வார்த்தை.

வேறு எங்கேயாவது சொல்லியிருந்தால் மன்னித்துவிடலாம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரை நெடுக டேனரிகள் இருக்கிற பகுதியில் ரெக்சினைத் தோல் என்று சொல்ல ஒரு தனித் துணிச்சல் வேண்டும். எங்கள் ஊரில் எந்தத் தெருவில் கல்லை விட்டெறிந்தாலும் டேனரியில் ஒரு காலம் வேலை பார்த்தவர் மேல்தான் விழும். என்னோடு வந்த பெரியப்பா அப்படி ஒருவர். முழுசாக ஒரு ஆயுள், தோலைத் தரம் பிரிக்கும் மேசையில் நின்றவர். கல்யாண வீட்டில் கூட வரவேற்பவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் செருப்பைப் பார்ப்பார்.

பெரியப்பா சோபாவில் உட்காரவில்லை. முன்பக்கத்தைப் பார்க்கவும் இல்லை. "முன்பக்கம் எல்லாத்துக்கும் அழகாத்தான்பா இருக்கும்" என்றபடி மெத்தையைத் தூக்கி, அடியில் இருந்த ஜிப்பைத் திறந்து, உறையை உள்வெளியாகத் திருப்பினார். தோல் என்றால் அதன் மறுபுறம் சொரசொரவென்று நார் நாராக இருக்க வேண்டும். இங்கே பனியன் துணி மாதிரி ஒரு நெசவு சமர்த்தாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"இத்தாலியன் லெதர் சார், இம்போர்ட்டட்" என்றார் வீட்டுக்காரர்.

"இத்தாலி மாடுங்க உள்ளே பனியன் போட்டிருக்குமா சார்?" என்றார் பெரியப்பா.

அவர் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மேல்பக்கத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அச்சு ரோலரில் அழுத்திய வரிகள் என்பதால் நாலு விரல்கடைக்கு ஒருதரம் அதே கோடு, அதே வளைவு, அதே புள்ளி திரும்பத் திரும்ப வந்தது. மாட்டுத் தோலில் அப்படி வராது. கழுத்துப் பக்கம் மடிப்பு விழுந்திருக்கும், வயிற்றுப் பக்கம் தளர்ந்திருக்கும், முள்வேலியில் உரசிய தழும்பு இருக்கும், உண்ணி கடித்த புள்ளிகள் இருக்கும். டேனரியில் இந்த உண்ணிப் புள்ளிகளுக்காகத்தான் தோலைக் கீழ்த்தரத்துக்குத் தள்ளுவார்கள். ஆனால் பழைய சோபாவில் ஒரு உண்ணிப் புள்ளி தெரிந்தால் அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது. உண்ணி ரெக்சினைக் கடிக்காது.

வீட்டுக்காரர் இன்னும் விடவில்லை. "லெதர் கலந்திருக்குன்னு கடையிலேயே எழுதிக் கொடுத்தாங்க சார்." அது பொய்யில்லை என்பதுதான் எரிச்சல். பாண்டட் லெதர் என்று ஒரு சரக்கு உண்டு. வெட்டி மிஞ்சிய தோல் துணுக்குகளை அரைத்துத் தூளாக்கி, பசை கலந்து தகடாக்கி, துணியில் ஒட்டி, மேலே பாலியூரிதேன் பூச்சுப் பூசி, தோல் வரி அச்சடித்தது. அதற்குள் தோல் இருக்கிறது. பெருங்காய டப்பாவில் பெருங்காயம் இருந்த அளவுக்கு. நம் ஊர் ஈரக்காற்றிலும் வியர்வையிலும் அந்தப் பூச்சு சில வருஷங்களில் தளர்ந்துவிடும். பிறகு செதில் செதிலாக உதிரும். முதலில் உதிர்கிற இடம் தலை சாய்க்கிற இடம், ஏனென்றால் நாம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு டிவி பார்க்கிற சமூகம். அடுத்தது தொடை படுகிற விளிம்பு. உண்மைத் தோல் வறண்டால் மெல்லிய கோடுகளாக வெடிக்கும், நிறம் தேயும். ஆனால் துணியை விட்டுக் காகிதம் போல உரியாது, உரிவதற்கு அடியில் துணியே இல்லை. பெரியப்பா டவலை விலக்கினார். செதில்கள் தரையில் கொட்டின. அந்த டவல் எதற்காக எங்கே போடப்பட்டிருந்தது என்பதைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம்; வேண்டாம், ரத்த அழுத்தம்.

1930ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15ஆவது பிரிவை அங்கே எடுத்து வீசியிருக்கலாம். இன்னதென்று வர்ணித்துப் பொருளை விற்றால், பொருள் அந்த வர்ணனைக்குப் பொருந்தியாக வேண்டும் என்கிறது அது. ஆனால் அதற்குள் பெரியப்பா அவர்கள் வீட்டு டீயைக் குடித்துவிட்டார். டீ குடித்த வீட்டில் சட்டம் பேசுவது நம் பக்கத்து வழக்கமில்லை. அதோடு நான் இன்னும் ஒரு ரூபாயும் கொடுத்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால், எங்கள் பழைய சோபாவை விற்க என் மனைவி விளம்பரம் எழுதி வைத்திருக்கிறாள். "சோபா ஃபார் சேல். குட் கண்டிஷன். அர்ஜென்ட்." வாங்கிக் கிழிக்க அது காகிதமாக இல்லை. அழித்துவிட்டு நான் எழுதினேன்.

முதலில் தலைப்பு. "அர்ஜென்ட்" என்று தட்டி யாரும் சோபா தேடுவதில்லை. தேடுகிறவர் எதைத் தட்டுவாரோ அதுதான் தலைப்பில் இருக்க வேண்டும்: பொருள், எத்தனை பேருக்கு, எவ்வளவு நீளம், எதனால் ஆனது, எந்த வருஷம். "3 பேர் சோபா, 78 அங்குலம், இருக்கை தோல், பக்கம் ரெக்சின், 2015." இதில் ரெக்சின் என்ற சொல்லைப் பார்த்ததும் மனைவிக்கு முகம் சுருங்கியது. "அதை ஏங்க சொல்லணும்? கேட்டா சொல்லிக்கலாமே." கேட்கமாட்டார்கள், திருப்பிப் பார்ப்பார்கள். நல்ல கடையில் வாங்குகிற தோல் சோபாவிலேயே பெரும்பாலும் உடம்பு படுகிற இடம் மட்டும்தான் தோல். பக்கவாட்டும் முதுகும் ரெக்சின். செலவை மிச்சம் பிடிக்க அப்படிச் செய்வது ஊரறிந்த வழக்கம். அதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டால், மிச்சமிருக்கிற "தோல்" என்ற சொல்லை நம்புவார்கள்.

அப்புறம் விவரம்: "ஆழம் 34, உயரம் 32 அங்குலம். கால்களைத் திருகிக் கழற்றலாம், கழற்றினால் உயரம் 28. இடது ஓர மெத்தை நடுவில் ஒரு அங்குலம் அமுங்கியிருக்கிறது. வலது கைப்பிடியின் மேல்பக்கத் தோலில் 3 அங்குலக் கீறல், படம் 5. முதுகு ரெக்சினில் உள்ளங்கை அளவு உரிந்திருக்கிறது, படம் 6. கரையான் இல்லை, அடிச்சட்டம் படம் 7. தரைத்தளம், தூக்க இரண்டு பேர் போதும்."

அந்த 28தான் இதில் உயிர். பழைய வீடுகளில் அறைக் கதவு இரண்டரை அடி, அதாவது 30 அங்குலம். 32 அங்குல உயரமும் 34 அங்குல ஆழமும் உள்ள சோபாவை நிமிர்த்தினாலும் சாய்த்தாலும் அதில் நுழைக்க முடியாது. தூக்குகிறவர்கள் வாசலில் நின்று நம் பரம்பரையை விசாரிப்பார்கள். காலைக் கழற்றிச் சாய்த்தால் நுழையும். இந்த ஒரு வரியை எழுதாததால் பாதி வழியில் திரும்பிய சோபாக்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

படங்களை ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு, காலை வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் சோபாவை இழுத்துப் போட்டு எடுத்தேன். இரவு விளக்கில் எடுத்தால் மரூன் நிறம் காப்பிக்கொட்டை நிறமாகிவிடும், வந்தவர் "படத்துல வேற மாதிரி இருந்துச்சே" என்பார். நின்றபடி எடுக்காமல் குந்தி உட்கார்ந்து எடுத்தேன், மேலிருந்து எடுத்தால் மெத்தையின் அமுங்கல் தெரியாது. கீறலுக்குப் பக்கத்தில் டேப்பை நீட்டி வைத்து எடுத்தபோது ஒன்று கவனித்தேன்: கீறின இடத்தில் நார் தெரிந்தது, துணி தெரியவில்லை. இத்தனை படங்களில் இது தோல்தான் என்று சொன்ன ஒரே படம் அந்தக் கீறல்தான்.

மனைவி முழுசாகப் படித்துவிட்டு, "போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் மாதிரி இருக்கு. எவனும் வரமாட்டான்" என்றாள். லாஸ்ட் ப்ரைஸ் கேட்ட செய்திகள் வழக்கம்போல வந்தன, பதில் சொன்னதும் வழக்கம்போல மறைந்தன. வியாழக்கிழமை ஒருவர் வந்தார். கையில் டேப், கூட இரண்டு பேர். படம் 5, படம் 6, படம் 7 என்று வரிசையாகப் போனை வைத்து ஒப்பிட்டார். மெத்தையைத் திருப்பினார். பேரமே பேசாமல் சொன்ன விலையை எண்ணி வைத்துவிட்டு, காலைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கால் மணி நேரம் கூட ஆகவில்லை. பேரம் பேசுவார்கள் என்று இரண்டாயிரம் ஏற்றிச் சொல்லத் தோன்றாமல் போனதற்கு பெரியப்பா இன்றைக்கும் என்னோடு பேசவில்லை.

அந்த ஒரே விதியைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? சொல்லலாம். ஆனால் இருந்த சோபா போய்விட்டது, வேறு சோபா இன்னும் வரவில்லை. கோரைப்பாயில் உட்கார்ந்து எழுதுகிறேன், இடுப்பு ஒத்துழைக்கவில்லை. எழுந்திருக்க யாராவது கை கொடுத்தால் தேவலை.