நரி விரட்டும் படலம்: ஓர் ஆய்வு

பிறந்த குழந்தை தூக்கத்தில் ஏன் சிரிக்கிறது என்ற வினாவுக்கு எங்கள் பிரசவ வார்டில் மூன்று மரபுகள் வழங்குகின்றன. முதலாவது சாமிவாதம்: சாமி பூவைக் காட்டுகிறார், பிள்ளை சிரிக்கிறது, பூவை ஒளித்துக்கொள்கிறார், உதடு பிதுங்குகிறது. இரண்டாவது நரிவாதம்: கனவில் நரி வந்து விரட்டுகிறது. மூன்றாவது அப்பாவாதம்: "நான் கூப்பிட்டேன் சிஸ்டர், சிரிச்சான்." முன்னிரண்டுக்கும் பாட்டிமார் பரம்பரை பக்கபலம், மூன்றாவதற்குச் செல்போன் வீடியோ. பல வருட நைட் டூட்டி என்ற ஒரே தகுதியை வைத்துக்கொண்டு இவற்றை மறுக்கப் புகுகிறேன்.

முதலில் சான்று. ராத்திரி இரண்டு மணிக்கு, விடிவிளக்கு வெளிச்சத்தில், குழந்தையின் மூடிய இமையைப் பாருங்கள். உள்ளே விழி உருள்கிறது. மூச்சு சீராக இல்லை. வேகமாக நாலு, பிறகு சின்ன இடைவெளி. உதட்டின் ஒரு ஓரம் மட்டும் முதலில் மேலே போகிறது, மறு ஓரம் சற்றுத் தாமதித்துச் சேர்ந்துகொள்கிறது, அதற்குள் முடிந்துவிடுகிறது. உடனே அழுமூஞ்சி. அப்புறம் வாயில் இல்லாத பாலை நாலு சப்பு. இதற்குச் சலனத் தூக்கம் என்று பெயர் வைப்போம். ஒரு நாளில் பதினாறு மணி நேரம் தூங்கும் குழந்தைக்கு ஏறக்குறைய பாதி நேரம் இந்தத் தூக்கம்தான். நாம் அசந்து தூங்கிய பிறகே கனவுத் தூக்கத்துக்குப் போகிறோம். இவர்களோ கண்ணை மூடியதும் நேரே இதில்தான் இறங்குகிறார்கள். விழி உருளும் இந்தத் தூக்கத்தைப் பற்றி சிகாகோவிலிருந்து அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953இல் எழுதினார்கள். அசெரின்ஸ்கி ஆரம்பத்தில் உட்கார்ந்து பார்த்தது தூங்கும் குழந்தைகளின் இமையைத்தான். நாங்களும் அதையேதான் பார்க்கிறோம். எங்களை யாரும் எழுதச் சொல்லவில்லை.

இந்தச் சிரிப்பு மூளைத்தண்டிலிருந்து தானாகக் கிளம்புவது. சந்தோஷம், சாமி, அப்பா ஆகிய மூவருக்கும் இதில் பங்கில்லை. குறைமாதத்தில் பிறந்து, யார் முகத்தையும் சரியாகப் பார்த்திராத பிள்ளைகள் இன்னும் அதிகமாகவே இப்படிச் சிரிப்பது போதிய ஆதாரம். முகம் பார்த்து, விழித்த கண்ணோடு சிரிக்கும் சிரிப்பு ஆறு முதல் எட்டு வாரத்தில் வரும். அப்பாமார் அதுவரை வீடியோவை அழிக்க வேண்டாம். தலைப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

இனித் துடிப்பு. கனவு காணும்போது நம் கைகால்களை மூளைத்தண்டு கட்டிப்போட்டுவிடுகிறது. பச்சிளம் குழந்தைக்கு அந்தக் கட்டு இன்னும் இறுகவில்லை; விரல் சுண்டுகிறது, முழங்கால் வெடுக்கென்று உதறுகிறது. இதில் காரியமும் இருக்கிறது போலும். கோயில் கொடைக்கு முந்தின நாள் மைக்செட்காரர் "ஹலோ, ஒன், டூ, த்ரீ" சொல்லி எந்தக் குழாய் எங்கே கத்துகிறது என்று பார்ப்பாரே, அதேபோல் ஒவ்வொரு துடிப்பும் "இது இடதுகை, இது வலதுகால்" என்று மூளைக்குத் தகவல் அனுப்புகிறது. எலிக்குட்டிகளிடம் இதை நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள்.

இனி ஒரு வழக்கு. பிறந்து நாலாம் நாள், ஆண் குழந்தை, நள்ளிரவு. "சிஸ்டர், புள்ளைக்கு வெட்டு வந்துருச்சு!" என்று பாட்டி கூவினார். போனேன். இரண்டு கையும் தாளம் போட்டதுபோல் வெட்டி வெட்டி இழுத்தன. பாட்டி மடியில் போட்டு ஆட்ட ஆட்ட, துடிப்பு கூடியது. கையைப் பிடித்தும் நிற்கவில்லை. உதடு சிவப்பாகவே இருந்தது, மூச்சும் இருந்தது.

"ஆட்டாதீங்க பாட்டி" என்று வாங்கி, துணியை விலக்கி, உள்ளங்காலைச் சுண்டினேன். கண் திறந்தது. அந்தக் கணமே எல்லாம் நின்றது. பால் கேட்டு அழுதான், குடித்தான், தூங்கினான், பத்தாவது நிமிஷம் மறுபடி தொடங்கினான். டாக்டரும் வந்து பார்த்து, தூக்கத்தில் மட்டும் வரும் கெடுதலில்லாத துடிப்பு, சில மாதத்தில் தானே போய்விடும் என்றார்.

ஆனால் ஒன்று. விழித்திருக்கும்போது துடித்தாலும், எழுப்பியும் நிற்காவிட்டாலும், கண் ஒரே பக்கம் செருகினாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், பால் குடிக்காமல் துவண்டாலும் என் ஆராய்ச்சியை மூடி வைத்துவிட்டு அந்த நிமிஷமே டாக்டரிடம் ஓடுங்கள். முடிந்தால் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவாதிகளின் செல்போனுக்கு உருப்படியான வேலை அதுதான்.

பாட்டி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப நரிதான்," என்றார். "முழிச்சா ஓடிருதுல்ல?"

"ஆமா பாட்டி."

"முழிச்ச பெறகும் ஓடலன்னா?"

"டாக்டர்கிட்ட காட்டணும்."

"அதத்தான சொல்றேன். அது நரி இல்ல, வேற என்னமோ."

நரிவாதத்தை மறுக்க எழுந்த இவ்வாய்வு இங்கே சிறிது தடைபடுகிறது. ஆறாம் கட்டிலில் யாரோ கூப்பிடுகிறார்கள்.