இரங்கலுக்கு இரண்டு கடிதம்

கேள்வி: வெள்ளிமலையைச் சேர்ந்த அலுவலக நண்பரின் அம்மா காலமானார். தமிழில் இரங்கல் எழுதிவிட்டேன். தமிழ் தெரியாத சகாக்களுக்கும் அதையே ஆங்கிலத்தில் அனுப்பலாமா?
- வாசகர், கள்ளக்குறிச்சி

பதில்: அனுப்பினால், "பாவம், உங்கள் அம்மாவா?" என்று உங்களுக்கே ஆறுதல் வந்து சேரும்! தமிழ்க் கடிதம் நண்பருக்கு. "அம்மா கிண்டிய களியை மறக்க முடியவில்லை, காரியத்துக்கு முதல் நாளே வந்துவிடுகிறேன்" என்றால் போதும். ஆங்கிலத்தில் களி வேண்டாம், நோயின் கதையும் வேண்டாம். யாருடைய தாய், எந்நாள் மறைந்தார், காரியம் என்றைக்கு, நண்பர் எப்போது திரும்புவார், அதுவரை அவர் வேலை யாரிடம்? இவ்வளவுதான். காரிய நாள் வீட்டுக்கு வீடு மாறும்; உறவினரிடம் கேட்டுத் தேதியாகவே போடுங்கள். வெள்ளிமலை இருக்கும் கல்வராயன் மலையில் எல்லா ஊரிலும் சிக்னல் நிற்காது. அதனால் யாரும் அழைக்காமல் குறுஞ்செய்தி அனுப்பச் சொல்லுங்கள்.