வாசலில் நின்ற ஸ்கூட்டர்

கேள்வி: பழைய ஸ்கூட்டரை விற்க, வீட்டு வாசலில் எடுத்த படத்தை நெட்டில் போடப் போகிறேன். படத்துக்குள்ளேயே வீட்டு முகவரி இருக்கும் என்று மிரட்டுகிறாரே மருமகன்?
– ஒரு வாசகர், காந்தி மார்க்கெட், திருச்சி

பதில்: இந்த ஒரு விஷயத்தில் மருமகன் சொல்வது சரி. கேமராவில் லொகேஷன் இயங்கினால், எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை படக்கோப்பிலேயே பதிவாகிவிடும். வைரஸ் தடுப்பு மென்பொருளுக்கே பெயர் தந்த ஜான் மெக்காஃபி, 2012-இல் தலைமறைவாக இருந்தபோது, ஒரு பத்திரிகை வெளியிட்ட படத்தால்தான் குவாத்தமாலாவில் இருப்பது அம்பலமானது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரம் கழன்றுவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் கூடவே போகும். இனி கேமராவில் லொகேஷனை அணையுங்கள். ஏற்கெனவே எடுத்த படத்தில் அது அழியாது. அந்தப் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுங்கள். பின்னால் பக்கத்து வெங்காய மண்டியின் போர்டு தெரிந்தால் மட்டும் மருமகனாலும் காப்பாற்ற முடியாது.